பிராண்டுக்குக் ‘குரல் கையேடு’ எழுதி வாங்கப் போகிறீர்களா? பத்தாயிரம் இழந்தவள் சொல்கிறேன்

நாகர்கோவிலில் நானும் தங்கையும் நேந்திரங்காய் சிப்ஸ் கடை நடத்துகிறோம். ரீல்ஸுக்கு ஒரு பையன், கேபிள் விளம்பரத்துக்கு ஒருவர், வாட்ஸ்அப்புக்குத் தங்கை என்று மூன்று பேர் ஸ்கிரிப்ட் எழுதுகிறார்கள். ஒன்றில் “மக்களே, வாங்க” என்று வரும். இன்னொன்றில் “வாடிக்கையாளர்கள் அன்புடன் வரவேற்கப்படுகிறார்கள்” என்று இருக்கும். எல்லாம் ஒரே கடையின் பேச்சாகக் கேட்க வேண்டும் என்றுதான், எப்படிப் பேசுவது, எந்தச் சொல் வேண்டும், எது வேண்டாம் என்று சொல்லும் குரல் கையேடு ஒன்றுக்காக ஒரு விளம்பர நிறுவனத்திடம் போனோம். இருபதாயிரம் பேசி, பாதியை முன்பணமாகக் கொடுத்தேன்.

மூன்று வாரம் கழித்து 26 பக்கம் வந்தது. ‘நட்பான, நம்பகமான, துடிப்பான குரல்’ என்று தொடங்கியது. பதினான்காம் பக்கத்தில் “முகூர்த்தப் பட்டு” என்று பார்த்ததும் எனக்குத் திக்கென்றது. ஏதோ ஜவுளிக்கடைக்கு எழுதியதில் பெயரை மட்டும் மாற்றியிருந்தார்கள்.

அதைவிட மோசம், பயன்படுத்த வேண்டிய சொற்களின் பட்டியல். முதல் சொல்லே ‘ஃப்ரெஷ்’. உணவு விளம்பரங்களுக்கென்று மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையமான FSSAI 2018-இல் கொண்டுவந்த விதிகளில் இந்தச் சொல்லுக்கு வரையறை இருக்கிறது. கழுவுவது, தோலுரிப்பது, நறுக்குவது, குளிர வைப்பது போன்றவற்றைத் தாண்டிப் பொருளின் தன்மையே மாறிவிட்டால் ‘ஃப்ரெஷ்’ என்று போடக் கூடாது. எண்ணெயில் பொரித்த சிப்ஸுக்கு அது எப்படிப் பொருந்தும்? ‘இயற்கையான’, ‘தூய’ போன்ற சொற்களுக்கும் நிபந்தனைகள் உண்டு. அந்தப் பட்டியலை நம்பி பாக்கெட்டில் அச்சடித்திருந்தால் சிக்கல் எங்களுக்குத்தான்.

தவிர்க்க வேண்டிய பட்டியலில் ‘மலிவான’, ‘சாதாரண’ என்று வெறும் சொற்கள்தான் இருந்தன. பதிலுக்கு என்ன எழுதுவது, ஏன் கூடாது என்று ஒரு வரி கிடையாது. நீங்க, நீங்கள், நீ ஆகியவற்றில் எதைச் சொல்வது என்பதும் இல்லை. தமிழில் குரல் மாறுவது முதலில் அங்கேதானே!

சரி என்று கையேட்டை மூன்று பேரிடமும் கொடுத்து, ஓணத்துக்கு நான்கு வரி எழுதச் சொன்னேன். முன்பு போலவே மூன்று குரலில் வந்தது. முன்பணத்தைத் திருப்பிக் கேட்டதும் அவர்கள் போனை எடுப்பதை நிறுத்திவிட்டார்கள்.

அப்புறம் நாங்களே உட்கார்ந்தோம். கவுண்டரில் தங்கை பேசுவதை இரண்டு நாள் செல்போனில் பதிவு செய்து கேட்டோம். அதிலிருந்தே இரண்டு பக்கம் தயாரானது. விளிப்பு எப்போதும் ‘நீங்க’, வினை பேச்சுவழக்கில். ‘ஃப்ரெஷ்’ வேண்டாம், ‘இன்னைக்குக் காலையில பொரிச்சது’ என்று சொல்லலாம், அதுவும் அன்று பொரித்திருந்தால் மட்டும். ‘மொறுமொறுப்பான சுவை’ வேண்டாம், ‘கடிச்சா சத்தம் கேக்கும்’ சரி. ஒவ்வொரு சொல்லுக்கும் தவறான வரி ஒன்று, சரியான வரி ஒன்று, காரணம் ஒரு வரி.

நீங்கள் யாரிடமாவது எழுதி வாங்கினால், முழுப் பணம் கொடுக்கும் முன் எங்களைப் போல இரண்டு மூன்று பேரிடம் கொடுத்து ஒரே விஷயத்தை எழுதச் சொல்லுங்கள். எது யார் எழுதியது என்று உங்களால் சொல்ல முடிந்தால், அந்தக் கையேட்டை வாங்க வேண்டாம்.