விளம்பரக் கணக்கா, ஓடர் சிட்டையா? திருமலைக் கருவாட்டு வியாபாரத்தை வைத்து ஒரு ஒப்பீடு

உப்புவெளியிலிருந்து பேஸ்புக் விளம்பரம் போட்டு, கொழும்புக்குக் கருவாட்டுப் பார்சல் அனுப்பும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். எண்கள் கணக்குக்காக நான் வைத்தவை. மே மாதம் விளம்பரத்துக்கு 36,000 ரூபாய் போயிருக்கிறது, 120 ஓடர் வந்திருக்கிறது. பொருள், பொதி, கூரியர் எல்லாம் கழித்தால் ஓர் ஓடரில் 400 ரூபாய் மிஞ்சும்.

பலரும் போடுவது செலவை ஓடரால் வகுக்கும் கணக்கு. 300 ரூபாய் வரும், ஓடருக்கு 100 இலாபம் என்று தோன்றும். ஆனால் அந்த 120இல் 40 பழைய ஆட்களுடையது. விளம்பரம் இல்லாவிட்டாலும் அவர்களில் அநேகர் வட்ஸ்அப்பில் கேட்டிருப்பார்கள். மீதி 80 புதியவர்களில் 8 பேர் பார்சல் வந்ததும் வாங்காமல் திருப்பிவிட்டார்கள். போக்குவரத்துக்கு பார்சலொன்றுக்கு 450 என்றால் அதிலேயே 3,600 நட்டம். ஆகவே 39,600ஐ 72ஆல் வகுக்க வேண்டும். ஒரு புதிய வாடிக்கையாளருக்கு 550 ரூபாய். முதல் ஓடரில் கையிலிருந்து 150 போகிறது.

இதற்கு ஓடர் சிட்டையில் பழையவர் யார், புதியவர் யார் என்று பிரிக்கவேண்டும். பெயரை நம்பாமல் தொலைபேசி இலக்கத்தை நம்புங்கள். 077 என்றும் +9477 என்றும் ஒரே ஆள் இரண்டாகப் பதிவாகியிருப்பார், அதனால் கடைசி 9 இலக்கங்களை மட்டும் எடுங்கள். திரும்பிய ஓடர்களை வேறு தாளுக்கு மாற்றி, மற்றதைத் திகதிப்படி அடுக்குங்கள். எக்செல் தாளில் இலக்கம் B நிரலில் இருந்தால், E, F நிரல்களில் இவற்றைப் போட்டுக் கடைசி வரிவரை கீழே இழுங்கள்:

```
E2: =RIGHT(SUBSTITUTE(B2," ",""),9)
F2: =COUNTIF(E$2:E2,E2)
```

Fஇல் 1 வந்தால் புதியவர். சிட்டை தொடக்கத்திலிருந்து முழுதாக இருக்கவேண்டும். பாதியில் தொடங்கினால் பழையவர்களும் புதியவர்களாகத் தெரிவார்கள்.

அந்த 150 திரும்பி வருமா? இங்கேயும் இரண்டு வழி. மொத்தம் 600 ஓடர், 240 ஆட்கள் என்றால் ஆளுக்கு 2.5 ஓடர், 1,000 ரூபாய். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அதில் விளம்பரத்துக்கு முன்பே வந்த உறவினர்களும் நண்பர்களும் கலந்திருக்கிறார்கள். அவர்கள் அடிக்கடி வாங்குவதை விளம்பரம் பார்த்து வந்தவர் தலையில் ஏற்றக்கூடாது.

நான் நம்புவது மே மாதத்து 72 பேரை மட்டும் பின்தொடரும் வழி. ஜூனில் 14, ஜூலையில் 9, ஓகஸ்டில் 7 என 30 மறு ஓடர், 12,000 ரூபாய். 72 பேரில் போன 10,800 ஓகஸ்டில்தான் மீள்கிறது. முதல் ஓடரையும் சேர்த்தால் ஒருவர் இதுவரை தந்தது ஏறத்தாழ 567. சராசரி காட்டிய 1,000 அல்ல.

இந்த வழி மெதுவானது, ஆட்களும் குறைவு. நான்கு ஓடர் குறைந்திருந்தாலே நட்டம். வாய்வழி கேள்விப்பட்டு வந்தவர்களும் 72இல் இருப்பார்கள். எப்படித் தெரியும் என்று ஓடர் எடுக்கும்போதே கேட்டு எழுதிவைத்தால் அதைப் பிரிக்கலாம். நவம்பருக்குப் பிறகு கடல் கொந்தளித்து மீன் வரத்துக் குறைந்து கருவாட்டு விலை ஏறினால், அந்த 400உம் நிற்காது. அதனால் ஜூன், ஜூலையில் வந்தவர்களையும் இதேபோல் மூன்று மாதம் பார்த்துவிட்டே விளம்பரப் பணத்தைக் கூட்டச் சொல்வேன்.