கிரவுண்டட் தியரியுடன் நான்கு ஆண்டுகள்: நானூறு குறியீடுகளிலிருந்து ஒரே மைய வகைமைக்கு

டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுடன் மருத்துவமனைக்கு வந்து காத்திருக்கும் உறவினர்களை நேர்காணல் செய்து, அந்தப் பேச்சைக் கிரவுண்டட் தியரி முறையில், அதாவது கோட்பாட்டைத் தரவிலிருந்தே கட்டியெழுப்பும் முறையில், பகுதி பகுதியாகப் பெயரிட்டுக் குறியீடு செய்யும் வேலையை நான்கு ஆண்டுகளாகச் செய்து வருகிறேன். 1967-இல் சமூகவியலாளர்கள் கிளேசரும் ஸ்ட்ராஸும் முன்வைத்த இந்த முறையின் பின்னாளைய வடிவங்களில், ஸ்ட்ராஸும் கார்பினும் 1990-இல் வகுத்த மூன்று படிகளை, அதாவது பேச்சைத் துண்டுகளாக்கிப் பெயரிடும் திறந்த குறியீடு, வகைமைகளை ஒன்றோடொன்று இணைக்கும் அச்சுக் குறியீடு, அனைத்தையும் ஒரு மைய வகைமையைச் சுற்றித் திரட்டும் தேர்வுக் குறியீடு ஆகியவற்றைத்தான் நான் பின்பற்றினேன். இதே முறைக்கு இன்னொரு வடிவம் தந்த சார்மஸின் வழியிலிருந்து ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்: குறியீடுகளைப் பெயர்ச்சொல்லாக எழுதாமல் செயலாக எழுதுவது. ஆங்கிலத்தில் இதற்கு ‘ing’ வடிவம் உதவுகிறது. தமிழில் ‘தல்’ விகுதி பெற்ற தொழிற்பெயர் அந்த வேலையை இயல்பாகச் செய்துவிடுகிறது.

அந்த வேறுபாட்டைக் காட்ட ஒரே ஒரு பத்தி போதும். கணவரை அழைத்து வரும் ஒரு பெண் சொன்னது இது: “செவ்வாய், வியாழன், சனி. இந்த மூணு நாள்ல எங்களுக்கு எந்த விசேஷமும் கெடையாது. தங்கச்சி பொண்ணு சடங்கு சனிக்கிழமன்னு சொன்னாங்க. தேதிய மாத்துங்கன்னு கேக்க முடியுமா? மொய்ய மட்டும் குடுத்து விட்டேன். எங்க முறைய விட்டுட்டா அடுத்து எப்பப் படுக்கக் கெடைக்கும்னு யாருக்குத் தெரியும்?” முதல் சுற்றில் இதற்கு நான் இட்ட குறியீடுகள் ‘குடும்ப நிகழ்ச்சிகள்’, ‘சமூக விலகல்’, ‘அச்சம்’ என்பவை. இவை குறியீடுகள் அல்ல, தலைப்புகள். அந்தப் பெண் பேசாமலே என்னால் எழுதியிருக்கக் கூடியவை. இரண்டாம் சுற்றில் அதே பத்தி ‘வாரத்தை மூன்று நாள்களால் பங்கிடுதல்’, ‘தான் போகாமல் மொய்யை அனுப்புதல்’, ‘முறை போய்விடுமோ என அஞ்சுதல்’ என்று மாறியது. ஒரு குறியீட்டைப் படித்ததும் யார் என்ன செய்கிறார் என்று தெரியாவிட்டால், அதை மீண்டும் எழுத வேண்டும் என்பதை அன்றிலிருந்து வழக்கமாக்கிக்கொண்டேன்.

வரிக்கு வரி குறியீடு செய்ததில் முதல் ஆறு நேர்காணல்களிலேயே எண்ணிக்கை நானூறைத் தாண்டியது. இந்த இடத்தில்தான் பலர் முறையைக் கைவிடுகிறார்கள். நானும் இரண்டு மாதம் விரிதாளைத் திறக்கவே இல்லை. குறியீடுகளை அகர வரிசைப்படுத்தி, ஒத்த சொற்களை ஒன்றாகச் சேர்த்ததால் பயன் ஏதும் விளையவில்லை. நிகழ்வோடு நிகழ்வை ஒப்பிட்டபோதே வழி திறந்தது. சடங்குக்கு மொய் அனுப்பிய பெண்ணையும், தந்தையை அழைத்துவரும் நாள்களில் தன் ஆட்டோவைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு வரும் மகனையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். ஒன்று உறவு, மற்றொன்று பிழைப்பு. தலைப்பாகப் பார்த்தால் இரண்டுக்கும் தொடர்பே இல்லை. செயலாகப் பார்த்தால், தாம் இருக்க வேண்டிய இடத்தில் தமக்குப் பதிலாக எதையோ, யாரையோ நிறுத்துகிறார்கள். ‘பதிலி நிறுத்துதல்’ என்ற வகைமை இப்படித்தான் பிறந்தது. பணத்தை நிறுத்துவது, ஆளை நிறுத்துவது, எதையும் நிறுத்த முடியாமல் உறவையே இழப்பது என அதற்குள் ஓர் ஏற்ற இறக்கமும் கிடைத்தது. இதே வழியில் நானூறு குறியீடுகள் ஏழு வகைமைகளாகச் சுருங்கின.

அச்சுக் குறியீட்டுப் படியைப் பற்றி எனக்குப் பாதி மனநிறைவுதான். சூழல், செயல், விளைவு என்ற சட்டகம் தொடக்கத்தில் கைப்பிடியாக உதவியது. விரைவிலேயே, கட்டங்களை நிரப்புவதற்காகவே தரவில் இல்லாத ‘விளைவு’களைத் தேடத் தொடங்கியிருந்தேன். தரவை இவ்வாறு சட்டகத்துக்குள் திணிப்பதைத்தான் கிளேசர் 1992-இல் கடுமையாகச் சாடினார். ஒரு கட்டத்துக்குச் சான்றாக ஒரே ஒருவரின் பேச்சு மட்டும் கிடைத்தால் அதை வெறுமையாக விட்டுவிடுவது என்று பிறகு முடிவெடுத்தேன்.

மைய வகைமையில் நான் செய்த பிழையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அதிகமான இடங்களில் வந்தது ‘செலவைச் சமாளித்தல்’ என்பதால் அதையே மையம் என்று அறிவித்து, ஓர் அத்தியாயமும் எழுதி முடித்தேன். அடிக்கடி வருவது மைய வகைமைக்கு ஓர் அடையாளம்தான். மற்ற வகைமைகள் எப்படி அதனோடு இணைகின்றன என்பதை வலிந்து சொல்லாமல் விளக்க முடிய வேண்டும், ஒருவருக்கொருவர் வேறுபடுவதையும் அதுவே விளக்க வேண்டும். செலவு இந்தச் சோதனையில் தோற்றது. பணக்கஷ்டம் இல்லாத ஒரு குடும்பமும் அதே போலத் திருமணங்களைத் தவிர்த்தது, அதே போலத் தண்ணீரை டம்ளரில் அளந்து கொடுத்தது. அதற்குச் செலவிடம் பதில் இல்லை.

பதில் ‘முறை’ என்ற சொல்லில் இருந்தது. அதை நான் தவறவிட்டதற்கு ஒரு காரணம் உண்டு: ஆய்வு வழிகாட்டியின் வசதிக்காக அதுவரை பேச்சில் பெரும்பகுதியை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த பிறகே குறியீடு செய்துவந்தேன். மொழிபெயர்ப்பில் ‘முறை’ ஓரிடத்தில் சிகிச்சை நேரமாகவும், இன்னோரிடத்தில் வரிசையாகவும், வேறோரிடத்தில் மருத்துவர் வகுத்த ஒழுங்காகவும் சிதறிக் கிடந்தது. ஒலிப்பதிவுகளுக்குத் திரும்பிச் சென்று தமிழிலேயே குறியீடு செய்தபோது, இயந்திரத்தில் தமக்குக் கிடைத்த இடம், உணவிலும் தண்ணீரிலும் காக்கும் கட்டுப்பாடு, உறவினர்க்குச் செய்ய வேண்டியது ஆகிய மூன்றையும் அவர்கள் ஒரே சொல்லால் சுட்டுவது தெரிந்தது. மூன்றாவது முறையை விட்டுக்கொடுத்து முதல் இரண்டையும் காப்பதே அவர்களுடைய வாழ்க்கையாக இருந்தது. ‘முறையைக் காத்தல்’ என்று குறிப்பேட்டில் எழுதி, அதைச் சுற்றி முழுக் கதையையும் இரண்டு பக்கத்தில் எழுதிப் பார்த்தேன். பதிலி நிறுத்துதல், தண்ணீரை அளத்தல், டெக்னீஷியனின் முகம் கோணாமல் நடந்துகொள்ளுதல் என ஏழில் ஆறு வகைமைகள் வலிந்து திணிக்காமலே அதில் அமர்ந்தன.

அதன் பின்னர் இரண்டு நேர்காணல்களை மையத்தைச் சோதிப்பதற்காகவே தேடிச் சென்றேன். சிகிச்சை தொடங்கி ஒரு மாதமே ஆன ஒரு குடும்பத்தில் முறையைக் காக்கும் பேச்சே இல்லை. சில வாரங்களில் இது முடிந்துவிடும் என்று நம்பினார்கள். ஆகவே இந்த நம்பிக்கை தளர்ந்த பிறகே ‘காத்தல்’ தொடங்குகிறது என்ற நிபந்தனை சேர்ந்தது. ஒரு மூதாட்டியோ, குலதெய்வக் கோயில் கொடைக்காகக் கணவரின் ஒரு நாள் சிகிச்சையைத் தெரிந்தே விட்டிருந்தார். “அந்த முறையும் முறைதானே” என்றார். அவருடைய பேச்சு கோட்பாட்டைக் கெடுக்கவில்லை; மூன்று முறைகளுக்கும் இடையே தராசு எப்பக்கமும் சாயலாம் என்பதைக் காட்டியது.

குறையாகச் சொல்ல வேண்டியது காலச் செலவு. ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தாக்க எனக்கு ஏழு மணி நேரம் ஆனது; குறியீடு செய்ய அதற்கும் மேல். முதல் பதினான்கு நேர்காணல்களையும் எடுத்து முடித்த பிறகே பகுப்பாய்வைத் தொடங்கியது என் சொந்தத் தவறு. எடுக்க எடுக்கக் குறியீடு செய்திருந்தால், சிகிச்சைக்குப் புதிதான ஒரு குடும்பத்தை ஓராண்டுக்கு முன்பே தேடிச் சென்றிருப்பேன். இத்தனை குடும்பங்களில் இத்தனை சதவீதம் என்ற வகைக் கேள்விக்கு இந்த முறை பதில் தராது என்பதை நிதி கேட்கும் விண்ணப்பத்தில் முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

மையத்தில் அமராத ஏழாவது வகைமை ‘சாமியிடம் கணக்குப் பேசுதல்’. நேர்ந்துகொண்ட முடி, கழிக்காத நேர்த்திக்கடன், ‘இத்தனை வருஷம் கொடு’ என்ற பேரம் எல்லாம் அதில் இருக்கின்றன. அதையும் முறைக்குள் அடக்க மூன்று குறிப்புகள் எழுதினேன், மூன்றும் வலிந்தவை. ஆகவே அதை ஆய்வேட்டில் சேர்க்காமல், விரிதாளில் தனித் தாளாக வைத்திருக்கிறேன்.