சிப்காட் ஷிப்டா, வங்கி அதிகாரி வேலையா?

கடலூர் சிப்காட்டில் ஷிப்டு வேலை, வங்கியில் அதிகாரி வேலை. எதை எடுப்பது என்று தங்கை வீட்டுக்காரர் கேட்டார். சம்பளத்தை விட்டுவிட்டு வீட்டுக் கணக்கை மட்டும் போட்டோம்.

பிள்ளையோடு நேரம்:
ஷிப்டு: காலை 6, மதியம் 2, இரவு 10 என்று வாராவாரம் மாறும். மதிய ஷிப்டு வாரம்தான் கொடுமை. பள்ளி விட்டு வரும்போது அப்பா ஆலையில், அப்பா வரும்போது பிள்ளை தூக்கத்தில். இரவு வாரத்தில் பகலில் தூங்க அமைதியான அறை வேண்டும். ஒற்றை அறை வாடகை வீட்டில் அது நடக்காது.
வங்கி: மாலையில் வீடு திரும்பலாம், குடும்பம் கூடவே வந்தால்.

ஊர்:
ஷிப்டு: மஞ்சக்குப்பத்திலேயே இருக்கலாம்.
வங்கி: சில ஆண்டுக்கொரு மாற்றல், வெளிமாநிலமும் வரும். பிள்ளை பத்தாவதோ பன்னிரண்டாவதோ படித்தால் இரண்டு வீட்டு வாடகை, வாரக்கடைசி ரயில்.

தங்கை இங்கே தனியார் பள்ளி ஆசிரியை, அவள் வேலையை மாற்றலில் எடுத்துப்போக முடியாது. அதனால் அவருக்கு ஷிப்டுதான் என்றேன். மனைவிக்கு வேலை இல்லை, பிள்ளை சின்னது என்றால் வங்கி சரி. தூக்கம் கெட்டால் உடம்பு தாங்காதவர்களுக்கும் வங்கிதான்.