ஏழாவது மின்னஞ்சலுக்குப் பிறகு: அழைப்பில் பேசலாமா என்று கேட்க மூன்று வழிகள்

திருப்பூர் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றின் மெர்ச்சன்டைசருக்கும் ஜெர்மனியிலுள்ள பையருக்கும் டி-ஷர்ட் பிரிண்ட் குறித்து மின்னஞ்சல்கள் போய் வருவதாக வைத்துக்கொள்வோம். பிரிண்ட் கழுத்திலிருந்து 8 செ.மீ. கீழே இருக்க வேண்டும். சாம்பிளில் 2 செ.மீ. இறங்கியிருப்பதாகப் பையர் எழுதுகிறார். அளந்து பார்த்து, சரியாக 8 செ.மீ. இருப்பதாக இவர் பதில் எழுதுகிறார். ஏழு மின்னஞ்சல்கள் ஆகின்றன. கடைசி இரண்டில் புதிய தகவல் எதுவும் இல்லை, பழைய எண்களே திரும்ப வருகின்றன. எழுத்தை நிறுத்திவிட்டுப் பேச வேண்டிய கட்டம் இதுதான்.

முதல் வழி, "நான் சொல்வது மின்னஞ்சலில் உங்களுக்குப் புரியவில்லை போலும், பேசிவிடலாம்" என்று எழுதுவது. கருத்து சரியாக இருந்தாலும் குறை முழுவதும் எதிராளி மேல் விழுவதால், அவர் தம்மைக் காத்துக்கொள்ளும் மனநிலையிலேயே அழைப்புக்கு வருவார்.

இரண்டாவது வழி, ஒரு சொல்லும் எழுதாமல் காலண்டர் அழைப்பிதழை அனுப்பிவிடுவது. நாள்தோறும் சேர்ந்து வேலை செய்யும் சக ஊழியரிடம் இது இயல்பானதுதான். வாடிக்கையாளரிடமோ, கேட்காமலேயே அவருடைய நேரத்தை எடுத்துக்கொள்வதாகிவிடும். எதைப் பற்றிப் பேசப்போகிறோம் என்று தெரியாததால் அவர் சாம்பிளை எடுத்து வைக்காமலும் வரக்கூடும்.

மூன்றாவது வழியையே நான் பரிந்துரைப்பேன். அந்த மின்னஞ்சல் தொடரிலேயே இப்படி எழுதலாம்: "அளவை எங்கிருந்து தொடங்குகிறோம் என்பதை என்னால் எழுத்தில் தெளிவாகச் சொல்ல முடியவில்லை என்று நினைக்கிறேன். சாம்பிளைக் கையில் வைத்துக்கொண்டு பத்து நிமிடம் வீடியோவில் பேச இயலுமா? செவ்வாய் அல்லது புதன், உங்கள் நேரம் காலை 10 மணி எனக்கு வசதிப்படும். எழுத்தே உங்களுக்கு வசதி என்றால், டேப்பை வைத்து எடுத்த படம் ஒன்றை அனுப்பினாலும் போதும்." இதில் குறையை எழுதுபவர் தம்மீது ஏற்றுக்கொள்கிறார், கேள்வி ஒன்றே ஒன்றாக இருக்கிறது, மறுப்பதற்கும் இடம் இருக்கிறது. அந்தக் கடைசி வாக்கியத்தை நான் ஒருபோதும் விடமாட்டேன். ஆங்கிலம் இருவருக்கும் தாய்மொழி அல்லாதபோது, பேச்சைவிட எழுத்தில் நிதானமாக யோசிக்க விரும்புவோர் பலர் உண்டு. நேரத்தை அவருடைய கணக்கில் குறிப்பிடுவதும் முக்கியம்: ஜெர்மனியின் காலை 10 மணி நமக்குக் குளிர்காலத்தில் பிற்பகல் 2.30, கோடையில் 1.30.

விலை, ஒப்புதல் போன்று பின்னர் சான்று தேவைப்படும் விஷயங்களை மட்டும் அழைப்புக்கு மாற்றாமல் எழுத்திலேயே முடிப்பது நல்லது.

அழைப்பில் காரணம் ஐந்தே நிமிடத்தில் வெளிப்படுகிறது: பையர் ரிப் எனப்படும் கழுத்துப் பட்டையின் மேல்விளிம்பிலிருந்தும், இவர் ரிப்பின் அடித்தையலிலிருந்தும் அளந்திருக்கிறார்கள், ரிப்பின் அகலம் 2 செ.மீ. அன்றே அதே தொடரில், "ரிப்பின் மேல்விளிம்பிலிருந்து 8 செ.மீ. என்று பேசி முடிவு செய்தோம், சரியெனில் உறுதிப்படுத்துங்கள்" என்று எழுதி, பதில் வந்த பிறகே பிரிண்டிங்குக்குச் சொல்ல வேண்டும்.