மாட்டுப்பாலுக்கு பதிலா எந்தப் பால்?

அம்மாவுக்கு பால் குடிச்சா வயிறு உப்புதுன்னு போன மாசம் சிங்கப்பூர் தேக்கா பக்கத்துல ஒரு கடைல பாதாம் பால் வாங்கினேன், டப்பா மேல போடுற நியூட்ரி-கிரேடு தர முத்திரைல நல்ல எழுத்து போட்டிருந்துச்சு, சரின்னு தினமும் ரெண்டு கிளாஸ் குடுத்துட்டு இருந்தேன். அம்மா சைவம், முட்டையும் கிடையாது. அப்புறம்தான் டப்பா பின்னாடி திருப்பிப் பார்த்தேன்.

250 மில்லி மாட்டுப்பால்ல புரோட்டீன் சுமார் 8 கிராம், கொழுப்பும் கிட்டத்தட்ட அவ்ளோதான், கார்ப் 12. பாதாம் பால்ல புரோட்டீன் 1 கிராம் தாங்க! கொழுப்பும் 3தான், ஏன்னா அதுல பெரும்பாலும் தண்ணிதான். ரெண்டு கிளாஸ்ல 16 கிராம் கிடைச்ச இடத்துல 2 கிராம். நியூட்ரி-கிரேடு சர்க்கரையையும் சாச்சுரேட்டட் கொழுப்பையும்தான் பார்க்கும், புரோட்டீன பார்க்காது.

ஓட்ஸ் பால் காப்பிக்கு நல்லா இருக்கு, ஆனா புரோட்டீன் 2-3 கிராம், கார்ப் 16 பக்கம் வரும். சர்க்கரை சேர்க்கலன்னாலும் இனிக்கும், என்சைம் போட்டு ஓட்ஸ் மாவுச்சத்த உடைக்கிறதால மால்டோஸ் ஆயிடுது, சுகர் இருக்கறவங்க கவனிக்கணும்.

சோயா பால்தான் மாட்டுப்பாலுக்கு பக்கத்துல வருது: புரோட்டீன் 7-8, கொழுப்பு 4, கார்ப் 4. இது சர்க்கரை போடாததுக்கு மட்டும். ஹாக்கர் சென்டர்ல வாங்கினா சிரப் ஊத்தாம கேளுங்க. டப்பான்னா கால்சியம் சேர்த்ததா எடுத்து நல்லா குலுக்கி ஊத்துங்க, கால்சியம் அடில தங்கிடும். அம்மா இப்போ சோயா பால்லதான் டீ போடுறாங்க.