காணி, குழி: மாற்றி எழுதுவதா, அப்படியே விடுவதா?

வேலூர்ப் பக்கத்துப் பழைய கிரயப் பத்திரத்தில் நிலத்தின் பரப்பு '2 காணி 50 குழி' என்று இருக்கிறது. அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கும்போது ஏக்கராக மட்டும் எழுதினால் வங்கிக்காரர் சட்டென்று படித்துவிடுவார். ஆனால் எந்தக் குழி? 24 அடிச் சதுரமான 576 சதுர அடிக் குழி என்றால் 100 குழி ஒரு காணி; மொத்தம் சுமார் 3.31 ஏக்கர். காணியின் பரப்பு அதே என்று வைத்து, குழியை மட்டும் தஞ்சைப் பக்கத்து 144 சதுர அடிக் குழி என்று கொண்டால் சுமார் 2.81 ஏக்கர்தான். அரை ஏக்கர் காணாமல் போகும், மூலச் சொல்லும் இல்லாததால் யாருக்கும் தெரியாது.

காணி, குழி என்றே ஒலிபெயர்த்து, சதுர அடைப்புக்குள் ஏக்கரையும் பயன்படுத்திய குழியளவையும் மொழிபெயர்ப்பாளர் குறிப்பாகத் தருவது படிக்கச் சற்றுக் கரடுமுரடு. எனக்கு அதுவே சரி. பட்டாவில் அதே நிலம் ஏறத்தாழ 1.33.5 ஹெக்டேர் என்றிருந்தால் 576 கணக்கு பொருந்துகிறது.