நாற்பதாயிரம் எங்கே போனது: ஒரு முதல் ஸ்லைடுக்கு நாலு வரிகள்

அல்சூரில் வீட்டைக் காலி செய்த நண்பரின் கணக்கை வைத்து இன்ஸ்டாகிராமில், பக்கவாட்டில் ஒவ்வொரு ஸ்லைடாகத் தள்ளிப் பார்க்கும் ஒரு கரோசல் தயாரித்தோம். வாடகை 15,000. பெங்களூரின் பழைய வழக்கப்படி பத்து மாத அட்வான்ஸ், அதாவது 1,50,000. கைக்குத் திரும்பியது 1,10,000. உள்ளடக்கம் ஆறு ஸ்லைடில் அடங்கிவிட்டது. முதல் ஸ்லைடுக்குத்தான் நாலு வரிகள் மோதின.

முதலாவது, “வாடகை அட்வான்ஸைத் திரும்பப் பெறும் வழிமுறைகள்”. பொய் இல்லை, ஆனால் அரசாங்க அறிவிப்புப் பலகை மாதிரி இருக்கிறது. “வழிமுறைகள்” போன்ற நீளச் சொல்லைப் பெரிய எழுத்தில் போட்டால் இரண்டாக உடையும்; சின்ன எழுத்தில் போட்டால் மெட்ரோவில் நின்றுகொண்டு பார்ப்பவர் கண்ணில் படாது.

இரண்டாவது, “வீடு காலி செய்யும் முன் இது தெரியாவிட்டால் அவ்வளவுதான்!” எது தெரியாவிட்டால்? விஷயத்தையே மறைத்துவிட்டது. இதை எந்த ஊரில், எந்தப் பதிவின் தலையிலும் ஒட்டலாம். அதனாலேயே தள்ளிவிட்டோம்.

உண்மையான போட்டி மற்ற இரண்டுக்கும்தான்.

“வீட்டுக்காரர் என் 40,000-ஐ அமுக்கிவிட்டார்!”

“கொடுத்த அட்வான்ஸ் 1,50,000. வந்தது 1,10,000. மீதி எங்கே?”

ஸ்க்ரோல் செய்யும் கட்டைவிரலை நிறுத்துவதில் முன்னதுதான் பலசாலி. வாடகைக்கு இருக்கும் எவருக்கும் கோபம் வரும். ஆனால் கணக்கைப் பாருங்கள். பெயிண்ட் அடிக்க ஒரு மாத வாடகை, 15,000. கீசரும் குழாய்களும் பழுது பார்க்க 6,000. மின்சாரம், தண்ணீர் பாக்கி 4,000. மிச்சம் 15,000, ஒரு மாதம் முன்னால் சொல்லாமல் காலி செய்ததற்கு. ஒப்பந்தத்தில் எழுதியிருந்ததை நண்பர் படிக்கவில்லை, அவ்வளவுதான். ஆக, கடைசி இரண்டும் அவர் கொடுக்க வேண்டிய பணம். “அமுக்கிவிட்டார்” என்று தொடங்கினால் நாலாவது ஸ்லைடில் நாமே அதைத் திரும்பப் பெற வேண்டும். “அப்போ அமுக்கலையே?” என்று கமெண்ட் வரும், அது நியாயமும்கூட. கமெண்ட் குவிந்தும் சேவ் ஏறாமல் இருந்தால் எனக்கு முதலில் இந்தச் சந்தேகம்தான் வரும்: சண்டைக்கு வந்தவர்களுக்குக் கணக்கு தேவைப்படவில்லை.

நாலாவது வரி விஷயத்தை மறைக்கவில்லை. அட்வான்ஸைப் பற்றியது என்று பார்த்ததுமே தெரிகிறது, பதில் மட்டும்தான் உள்ளே இருக்கிறது. யாரையும் திட்டவும் இல்லை. “மீதி எங்கே?” என்பது கொஞ்சம் நாடகம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அடுத்த ஸ்லைடே பதிலைத் தொடங்கிவிடுவதால் அது ஏமாற்று ஆகாது.

இதிலும் ஒரு சிக்கல் வந்தது. முதல் ஸ்லைடைத் தள்ளிவிட்டுப் போனவருக்கு இன்ஸ்டாகிராம் அதே கரோசலை மறுபடி காட்டும்போது சில சமயம் இரண்டாவது ஸ்லைடிலிருந்து காட்டும். எங்கள் இரண்டாவது ஸ்லைடில் “முதலில் பெயிண்ட்: 15,000” என்று மட்டும் இருந்தது. கேள்வியைப் பார்க்காதவருக்கு அது பெயிண்ட் கடை விளம்பரம். “அட்வான்ஸில் பிடித்த 40,000-ல் பெயிண்டுக்கு மட்டும் 15,000” என்று மாற்றிப் போட்டோம்.